16 வயதுப் பையனை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

மறைஞான அனுபவத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எப்படியும் ஒரு கட்டத்தில் யாராவது ரமணரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்திலும் அதுதான் நடந்தது. அனுபூதியை ஒருவருடைய மரபுதான் உருவாக்குகிறது என்று வாதிட்டு ஸ்டீவன் காட்ஸ் 1978இல் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு வெகுநேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு நண்பர், "எதுக்கு இவ்வளவு பேச்சு? வேதாந்தத்துல ஒரு வரிகூடப் படிக்காத 16 வயசுப் பையனுக்கு வேதாந்தம் சொல்றது அப்படியே நடந்திருக்கு. காட்ஸ் கதை முடிஞ்சது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், கூட்டம் கலைந்தது. எனக்கு மட்டும் அந்த வாதம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தப்பு என்று சொல்ல ஒன்றும் கைவசம் இல்லை. ஆனால் தத்துவத்தில் ஒரு வழக்கு இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டால் கட்டை மறுபடி அவிழ்த்துப் பார்க்கத்தான் தோன்றும்.

வழக்கு என்ன என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பெரினியலிசம். எல்லா மரபுகளின் அனுபூதியும் அடியில் ஒன்றே என்னும் கட்சி; வசதிக்காக ஒருமைக் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தத்துவ ரீதியாக உறுதியாக நிறுத்தியவர் டபிள்யூ. டி. ஸ்டேஸ். 1960இல் வந்த நூலில் அவர் செய்த முக்கியமான காரியம், அனுபவத்தையும் அதன் விளக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. புலன்களும் எண்ணங்களும் அடங்கி, வேறுபாடே இல்லாத ஒரு விழிப்பு மட்டும் எஞ்சுகிறது என்பது அனுபவம். அதைக் கிறித்தவர் இறைவனோடு கலத்தல் என்கிறார், வேதாந்தி ஆத்மா என்கிறார், பௌத்தர் சூனியம் என்கிறார், இவையெல்லாம் விளக்கங்கள். மறுபக்கம் காட்ஸின் கட்டுமானக் கட்சி. இடையில் எதுவும் இல்லாத தூய அனுபவம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது அவர் ஒற்றை வரிக் கொள்கை. ஒருவருடைய மொழி, நூல், குரு, பயிற்சி, எதிர்பார்ப்பு எல்லாம் அனுபவம் முடிந்தபின் மேலே பூசப்படுபவை அல்ல. அனுபவத்தை உள்ளிருந்தே உருவாக்குபவை. யூத ஞானி தேடுவது இறைவனை இறுகப் பற்றிக்கொள்ளும் தேவேகூத் நிலை. அங்கே இறைவன் வேறு, பற்றுபவர் வேறு என்பது கடைசிவரை நீங்குவதில்லை. பௌத்தர் தேடும் நிர்வாணத்தில் பற்றுவதற்கு ஒரு கடவுளே இல்லை. இவை இரண்டும் ஒரே அனுபவத்துக்கு ஒட்டிய இரண்டு பெயர்ச்சீட்டுகள் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறாய் என்று காட்ஸ் கேட்கிறார்.

மதுரை, ஜூலை 1896

நடந்ததாகச் சொல்லப்படுவது நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். சிற்றப்பா வீட்டு மாடி அறை. உடம்பில் ஒரு நோயும் இல்லாத, பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம். யாரையும் கூப்பிடவில்லை. படுத்து, கை கால்களை விறைப்பாக நீட்டி, வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிச் செத்த உடம்பு மாதிரி கிடக்கிறான். சரி, உடம்பு செத்துவிட்டது; இதைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிடுவார்கள்; அதோடு நானும் செத்தேனா? உடம்புதான் நானா? உடம்பு அடங்கிக் கிடக்க, 'நான்' என்பது அதைச் சாராமல் நிற்பதாகத் தெரிகிறது. வாதம் செய்து பிடித்த முடிவாக இல்லை, நேராகவே தெரிகிறது. பயம் போனது, அப்புறம் திரும்பவில்லை.

இதைக் காட்ஸுக்கு எதிரான சாட்சியாக்குவது அவன் படிப்புப் பட்டியல். அதுவரை படித்தது பெரியபுராணம், பள்ளியில் பைபிள் பாடங்கள், தாயுமானவரிலும் தேவாரத்திலும் கொஞ்சம். பிரம்மம், சம்சாரம் என்ற சொற்களே அப்போது தெரியாது என்றும், பிற்பாடு திருவண்ணாமலையில் ரிபு கீதை போன்றவற்றைக் கேட்டபோதுதான் தனக்கு நேர்ந்ததை நூல்கள் பெயர் வைத்துப் பிரித்துச் சொல்கின்றன என்று விளங்கியது என்றும் ரமணரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஆக, அனுபவம் முந்தியது, விளக்கம் பிந்தியது. ஸ்டேஸ் கேட்டதும் இதைத்தானே?

இந்த வாதத்தின் உண்மையான பலம் அவனுக்கு என்ன தெரியாது என்பதில் இல்லை. தெரிந்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலிருக்கும் இடைவெளியில் இருக்கிறது. சில மாதம் முன்பு அவன் உருகிப் படித்தது பெரியபுராணம். காட்ஸ் சொல்வதுபோல எதிர்பார்ப்புதான் அனுபவத்தை வார்க்கிறது என்றால், கண்ணப்பரையும் அப்பரையும் படித்துக் கரைந்த பையனுக்கு என்ன வாய்த்திருக்க வேண்டும்? சிவன் தோன்றியிருக்க வேண்டும், அழுகை வந்திருக்க வேண்டும், ஆட்கொள்ளப்பட்ட உணர்வு வந்திருக்க வேண்டும். அந்த மாடி அறையில் இவற்றில் ஒன்றும் இல்லை. சிவன் பெயர்கூட இல்லை. நாடியது வரவில்லை, நாடாதது வந்தது. காட்ஸின் கட்டுரையை எத்தனை தடவை படித்தாலும், இப்படிப்பட்ட வியப்புக்கு அதில் சரியான இடம் இல்லை என்றுதான் படுகிறது. மரபு ஊட்டிய எதிர்பார்ப்பு பலிப்பதற்கு அவரிடம் விளக்கம் ஏராளம். பொய்ப்பதற்கு அவ்வளவு இல்லை.

ஆனால் அவர் கட்சிக்காரர் இங்கே வாய்மூடிப் போகத் தேவையில்லை. படிப்புப் பட்டியலில் தாயுமானவர் இருக்கிறாரே, அதை ஏன் வேகமாகத் தாண்டிப் போகிறீர்கள் என்று கேட்பார். வேதாந்தமும் சித்தாந்தமும் சமரசமாகும் இடத்தில் நின்று மோனத்தைப் பாடியவர் அவர். கொஞ்சம்தான் படித்தான் என்பது எவ்வளவு கொஞ்சம்? அதற்கும் மேலாக, "உடம்புதான் நானா?" என்று கேட்கத் தெரிவதற்கே ஒரு மரபு வேண்டும். உடல் வேறு, உயிர் வேறு. உயிர் போனால் உடல் கட்டை என்பதை நூலில் படித்து யாரும் தெரிந்துகொள்வதில்லை, பேச்சிலேயே அது ஊறிக் கிடக்கிறது. கேள்வியின் வடிவமே பதிலுக்குப் பாதி இடம் ஒதுக்கிவிடுகிறது.

அதே பிணம், வேறு முடிவு

இதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல உரைகல் பௌத்தத்தில் இருக்கிறது. பாலி மொழி நூல்தொகுதியில் வரும் சதிபட்டான சுத்தம் என்னும் புத்தர் உரை துறவிக்குச் சொல்லும் பயிற்சிகளில் ஒன்று, சுடுகாட்டில் எறியப்பட்ட பிணத்தை 9 படிகளில் நினைத்துப் பார்ப்பது. ஊதி நீலம் பாரித்த உடல், காக்கையும் நாயும் தின்னும் உடல், சதையும் நரம்பும் ஒட்டிய எலும்புக்கூடு, சிதறிய எலும்புகள், கடைசியில் பொடி. ஒவ்வொரு படியிலும் தன் உடம்பைப் பார்த்து, "இதுவும் இந்த இயல்புடையதே, இப்படியே ஆகும், இதிலிருந்து தப்பாது" என்று பொருத்திப் பார்க்க வேண்டும். மாடி அறையில் பையன் செய்ததற்கு இவ்வளவு பக்கத்தில் வரும் பயிற்சி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தன் உடம்பைப் பிணமாகவே எடுத்துக்கொள், என்ன மிஞ்சுகிறது பார். இரண்டிலும் செய்முறை ஏறக்குறைய ஒன்று.

முடிவுதான் நேரெதிர். மதுரைப் பையனுக்கு உடம்பு கழிந்தபின் 'நான்' மட்டும் பளிச்சென்று நிற்கிறது. பௌத்தத் துறவிக்கு உடம்பு கழிய, உணர்வு கழிய, எண்ணம் கழிய, 'நான்' என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒருமைக் கட்சிக்காரரிடம் இதைக் கொடுத்தால், இருவருக்கும் கிடைத்தது எல்லையற்ற அந்த விழிப்புதான், ஒருவர் அதை ஆத்மா என்கிறார், இன்னொருவர் அனாத்மா என்கிறார் என்பார். கட்டுமானக் கட்சிக்காரரிடம் கொடுத்தால், ஆத்மா உண்டு என்று நம்பும் ஊரில் பிறந்தவனுக்கு ஆத்மா கிடைத்தது, இல்லை என்று நம்பும் மடத்தில் பயின்றவருக்கு இல்லாமை கிடைத்தது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பார். சொன்ன சொற்கள் வேறுபடுகின்றன என்ற ஒரே தகவலை இருவரும் தங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்கிறார்கள். எந்த அறிக்கை வந்தாலும் இரண்டு கட்சியும் அசையாது என்றால், இருவரும் அறிக்கையைத்தான் பார்த்துப் பேசுகிறார்களா என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் எழுந்தது. அறிக்கையையே முதலில் பார்ப்போம் என்று திரும்பினேன்.

ஓர் அடிக்குறிப்பு

மரண அனுபவத்தைப் பற்றி நாம் மேற்கோள் காட்டும் அந்தத் தன்மை நடைப் பத்தி எங்கிருந்து வருகிறது? நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் எழுதி 1931இல் வெளிவந்த வரலாற்றிலிருந்து. அதற்கு முந்திய ஆண்டில் ரமணரோடு பல தடவை உரையாடிக் கேட்டதை வைத்து அவர் எழுதினார். அதாவது நிகழ்ச்சிக்கும் பதிவுக்கும் இடையே 34 ஆண்டுகள். அந்த 34 ஆண்டுகளும் ரமணர் அத்வைத நூல்களைக் கேட்டும் படித்தும் மொழிபெயர்த்தும், வந்தவர்களுக்கு அதே மொழியில் விடை சொல்லியும் கழித்தவை. எழுதியவரோ முன்னாள் வழக்கறிஞர், கோர்வையாக எழுதத் தெரிந்தவர்.

அவரிடம் வழக்கறிஞரின் நேர்மையும் இருந்தது. சொன்ன சொற்கள் அப்படியே பதிவாகவில்லை என்று ஓர் அடிக்குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார். ரமணர் பொதுவாக 'நான்', 'நீ' என்று சுட்டாமல்தான் பேசுவார். தமிழ் அப்படிப் பேச இடம் கொடுக்கும் மொழி. அப்படியே கொடுத்தால் வாசகர்கள் பலருக்கு, குறிப்பாக மேற்கத்திய வாசகர்களுக்கு, நிறமற்றும் மங்கலாகவும் படும். ஆகவே வழக்கமான தன்மை நடையில் எழுதியிருக்கிறேன் என்பது அதன் சாரம்.

இதைப் படித்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நாங்கள் அத்தனை பேரும் சாட்சியாக எடுத்துக்கொண்டது அந்தப் பத்தியில் ஓங்கி நிற்கும் 'நான்'. "உடம்பு செத்தாலும் நான் சாகவில்லை" என்ற வாக்கியத்தில் இருக்கும் அந்த 'நான்'தான் ரமணரை வேதாந்தத்தின் பக்கமும் துறவியைப் பௌத்தத்தின் பக்கமும் பிரிக்கிறது. வாசகர் வசதிக்காக நடையை மாற்றினேன் என்று எழுதியவரே அந்த 'நானை'க் காட்டித்தான் சொல்கிறார். அவர் இல்லாததைப் புகுத்தினார் என்று நான் சொல்லவில்லை. ரமணர் பிற்பாடு எழுதியவற்றிலும் சொன்னவற்றிலும் 'நான்' பற்றிய பேச்சு நிறையவே உண்டு. ஆனால் 1896இல் அந்த அறையில் நிகழ்ந்ததற்கு எவ்வளவு 'நான்' நிறம் இருந்தது என்பதை இந்தப் பத்தியை வைத்து நிர்ணயிக்க முடியாது.

நினியன் ஸ்மார்ட் 1965இல் ஒரு பயனுள்ள பிரிவினை செய்தார். அனுபவித்தவரே தன் மரபுச் சொற்களில் தருவது தன்விளக்கம். வெளியாள் வேறொரு மரபிலிருந்து தருவது பிறர்விளக்கம். எந்த விளக்கத்திலும் ஒரு கொள்கையின் சுமை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார். நல்ல அறிவுரைதான். ஆனால் நம் வழக்கில் இரண்டும் ஒரே பத்தியில் நெய்யப்பட்டிருக்கின்றன. எந்த இழை யாருடையது என்று பிரித்தெடுக்க நம்மிடம் மூலப்பதிவு இல்லை.

இங்கே வந்ததும் கட்டுமானக் கட்சி வென்றுவிட்டதாகப் பலர் நினைப்பார்கள். அறிக்கைகள் கட்டப்பட்டவை என்று தெரிந்துவிட்டதே! எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடி இருவர் மேலும்தான் விழுகிறது. காட்ஸ் என்ன செய்கிறார்? யூதர் எழுதியதையும் பௌத்தர் எழுதியதையும் அருகருகே வைத்து, எழுத்து வேறுபடுவதால் அனுபவமும் வேறு என்கிறார். எழுத்துக்குக் கீழே இருக்கும் அனுபவத்தை எழுத்திலிருந்து உரித்தெடுக்க முடியாது என்று ஸ்டேஸுக்குத் தடை போட்டவர், அதே எழுத்திலிருந்து அனுபவத்தின் வேறுபாட்டை மட்டும் உரித்தெடுத்துவிடுகிறார். ஒருமையை நிரூபிக்கப் போதாத அறிக்கை பன்மையை நிரூபிக்கவும் போதாது. மரபு அனுபவத்தை உருவாக்கியே தீரும் என்பது அவருக்கு ஆராய்ச்சியின் முடிவாக வரவில்லை. தொடக்கத்திலேயே வைத்துக்கொண்ட முற்கோளாகத்தான் வருகிறது. காண்ட்டிடமிருந்து இரவல் வாங்கியது அது. இரவல் வாங்குவதில் தப்பில்லை. தன் சொத்து என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கதவு தட்டும் சத்தம்

ஒருமைக் கட்சியின் புதிய தலைமுறை இந்தச் சிக்கலைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டுபிடித்தது. ராபர்ட் ஃபோர்மன் 1990இல் தொகுத்த நூலில் வரும் வாதம் இது. அனுபவத்தில் உள்ளடக்கமே இல்லாவிட்டால் மரபு எதை வார்க்கும்? விழிப்பு இருக்கிறது, ஆனால் எதைப் பற்றியும் இல்லை. எண்ணமில்லை, காட்சியில்லை, உணர்ச்சியில்லை. கட்டுமானத்துக்கு வேண்டிய கல்லே அங்கே கிடையாது. தனக்கே நேர்ந்த ஒன்றையும் அவர் சொல்கிறார். தனியறையில் தியானத்தில் இருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். சத்தம் கேட்ட கணத்தில், அதற்கு முன்வரை தான் தூங்கவில்லை, ஆனால் எதையும் அறிந்துகொண்டும் இல்லை என்பது புலப்பட்டதாம்.

எனக்கு இந்த வாதம் பிடிக்கும், அதன் துணிச்சலுக்காக. மறத்தல், அடக்கல், விடுதல் என்று பல மரபுகளின் பயிற்சிகள் மனத்திலிருப்பதைக் கழற்றவே செய்யப்பட்டவை. கழற்றும் பயிற்சியின் பலனையும் கட்டிய பொருள் என்று சொல்வது கொஞ்சம் விதண்டாவாதம். ஆனாலும் இரண்டு இடங்களில் கால் இடறுகிறது. "தூங்கவில்லை, விழித்திருந்தேன்" என்பது கதவு தட்டியபின் வந்த தீர்ப்பு. உள்ளடக்கமே இல்லாத நேரத்தை நினைவு எதைக் கொண்டு பற்றியது? அது நேராக நினைவுகூர்ந்ததா, இருக்கவேண்டும் என்று பின்னோக்கி ஊகித்ததா? இரண்டாவதாக, உள்ளடக்கம் இல்லாத இரண்டு நிலைகள் ஒன்றா வேறா என்று கேட்பதற்கே பிடிமானம் இல்லை. வேறுபடுத்த அடையாளம் இல்லை என்பதையும் ஒன்றாகவே இருக்கிறது என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதோடு நம் வழக்குக்கு இது உதவவும் இல்லை. மாடி அறையில் நடந்தது வெறுமையாக இல்லை. அங்கே பயம் இருந்தது, விசாரணை இருந்தது, ஏதோ ஒன்று உயிர்ப்போடு நின்றது.

சரி, 34 ஆண்டு கழித்து வந்த பத்தியை ஒதுக்கிவிட்டால் வேறென்ன இருக்கிறது? அந்தக் காலத்தையே சேர்ந்த எழுத்து ஒன்று இருக்கிறது: 1896 ஆகஸ்ட் 29 அன்று, சம்பவம் நடந்து ஏறக்குறைய ஆறு வாரத்தில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது பையன் தன் கையால் தமிழில் எழுதிய சீட்டு. பக்தர்கள் அதை வணங்குகிறார்கள். தத்துவம் பேசுகிறவர்கள் ஏனோ சாட்சிப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. தகப்பனாரைத் தேடிக்கொண்டு, அவர் உத்தரவின்படி கிளம்பிவிட்டதாகத் தொடங்குகிறது. அவனைப் பெற்றவர் இறந்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இந்தத் தகப்பனார் அருணாசலேசுவரர். இது முழுக்கப் பெரியபுராணத்தின் மொழி, ஆண்டவன் அழைக்க அடியவன் போகிறான். தொடக்கத்தில் 'நான்' இருக்கிறது. அடுத்த வாக்கியத்தில், "இது நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது" என்று எழுதியவன் 'இது' ஆகிவிடுகிறான். முடிவில் பெயர் இல்லை, ஒரு கோடுதான்.

ஆறே வாரத்தில் எழுதிய சில வரிகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. எங்கே போவது, யார் கூப்பிட்டது, ஏன் போகிறேன் என்பதையெல்லாம் மரபு சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்த ஆறு வாரத்தில் மீனாட்சி கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன்னால் நின்று கண்ணீர் விட்டதாக வரும் செய்தியும் இதோடு பொருந்துகிறது. மாடி அறையில் வராத அழுகை கோயிலில் வந்திருக்கிறது. அதே சமயம் எழுதுகிறவனைப் பற்றிய இடத்தில் மட்டும் மரபு கொடுத்த 'அடியேன்' வரவில்லை. அங்கே சுட்டுவதற்கு ஆள் குறைந்துபோன மாதிரி ஒரு 'இது'. அடக்கத்துக்காக அப்படி எழுதினான் என்று கட்டுமானக் கட்சிக்காரர் சொல்லலாம். சொல்லட்டும். 'அடியேன்' என்று எழுதியிருந்தால் அந்த வாதம் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

ஆகவே என் கணக்கு இப்படி நிற்கிறது. அனுபவத்துக்கு முன் கேட்ட கேள்வியையும் அனுபவத்துக்குப் பின் வாழ்ந்த வாழ்க்கையையும் காட்ஸ் நன்றாக விளக்குகிறார். இரண்டுக்கும் நடுவில் எதிர்பார்ப்பைத் தாண்டிய ஒன்று நடந்திருக்கிறது, அங்கே அவர் கொள்கை பொருந்த மறுக்கிறது. ஆனால் அந்த நடு இடமும் உலகத்து மற்ற ஞானிகளின் நடு இடமும் ஒன்றே என்று சொல்ல ஸ்டேஸுக்குக் கையில் சரக்கு இல்லை. பிணப் பயிற்சி செய்த துறவி ஒருவர், தன் மடத்துச் சொற்கள் வந்து மூடுவதற்குள், நடந்ததைப் பச்சையாக எழுதிவைத்த சீட்டு ஒன்று கிடைத்து, அதிலும் இந்த 'இது' மாதிரி ஒன்று தலைகாட்டினால் நான் ஒருமைக் கட்சி பக்கம் இன்னும் ஓர் அடி நகர்வேன். அப்போதும் இருவருக்கும் நேர்ந்தது ஒத்திருக்கிறது என்பதுதான் கிடைக்கும். அது உலகத்தின் உண்மையைக் காட்டுகிறதா, மனித மூளை அப்படி அமைந்திருப்பதைக் காட்டுகிறதா என்பது தனி வழக்கு. எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை ஸ்டேஸே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.